அழித்த எழுத்துக்கு அடியில்

பிறமொழிச் சித்திரக்கதையைத் தமிழுக்குக் கொண்டுவருவதில் வசனத்தை மொழிபெயர்ப்பதுதான் பெரிய வேலை என்று வாசகர்கள் நினைப்பதுண்டு. பேச்சு பலூனுக்குள் இருக்கும் வசனத்தைப் பொறுத்தவரை அது உண்மைதான். பலூனின் உட்புறம் வெறும் வெள்ளை. பழைய எழுத்தை அழித்துவிட்டுத் தமிழை வைத்தால் முடிந்தது. ஆனால் துப்பாக்கிச் சத்தத்தை ஓவியர் பலூனுக்குள் அடைக்கமாட்டார். மரச்சுவரின் மீதும் நிற்கிறவரின் தோள்மீதும் ஏறி ஓடுகிற மாதிரி, கொழுத்த எழுத்தில் அதைப் படத்தோடு படமாக வரைந்திருப்பார். அதை அழித்தால் அடியில் சுவரும் தோளும் இருக்குமா? இருக்காது. எழுத்து வந்த இடத்தில் ஓவியர் பலகைக் கோட்டை நிறுத்திவிட்டு, எழுத்தின் மறுபக்கத்தில் மீண்டும் தொடங்கியிருப்பார். நடுவில் எதையும் வரையவே இல்லை. ஆகவே இது மறைந்ததை மீட்கிற வேலை அல்ல, இல்லாததை வரைகிற வேலை.

பிரெஞ்சு, பெல்ஜிய சித்திரக்கதைகள் உருவான விதம் தெரிந்தால் இந்த வேலையின் வழியும் புரியும். ஹெர்ஜேயின் டின்டின் கதைகள் 1942 முதல் வண்ணப் புத்தகங்களாக வரத் தொடங்கின. அங்கே கறுப்புக் கோடு ஒரு பிலிமில் தனியாக இருக்கும். அதே படத்தை மங்கிய நீலக் கோட்டில் வேறொரு தாளில் அச்சிட்டு, அதன்மேல் வண்ணம் தீட்டுவார்கள். அச்சில் வண்ணத்தின் மேல் கறுப்பு வந்து உட்காரும். கோடு ஓர் அடுக்கு, நிறம் இன்னோர் அடுக்கு. நிழல், சாயல் இல்லாமல் சட்டை முழுக்க ஒரே மஞ்சள், சுவர் முழுக்க ஒரே பழுப்பு. இதைத்தான் தட்டை நிறம் என்கிறோம். பழுதுபார்க்கிறவரும் கட்டத்தை இதே போல இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கோட்டையும் நிறத்தையும் சேர்த்தே பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுகிற பழக்கம் புகைப்படத்துக்குப் பொருந்தும். கார்ட்டூனில் அது அழுக்குத் திட்டாகத்தான் தெரியும்.

ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். அகலம் எட்டு சென்டிமீட்டர். மேற்கத்திய பாணிக் கதை. பழுப்புப் பலகைச் சுவர், அதன்முன் மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர். கறுப்பு விளிம்போடு சிவப்பாக BANG என்ற நான்கு எழுத்து, சுவரில் தொடங்கி அவர் தோளின்மேல் முடிகிறது. பக்கத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் இந்தக் கட்டம் சுமார் 1,890 பிக்சல் அகலம் வரும். அச்சில் 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள தோள்கோடு, திரையில் ஒன்பது பிக்சலுக்குச் சற்று மேல். குறைந்த அளவில் ஸ்கேன் செய்தால் அந்தக் கோட்டின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கவே முடியாது. பார்க்க முடியாததை வரையவும் முடியாது.

முதலில் கோட்டைத் தனியே எடுக்க வேண்டும். ஸ்கேன் செய்த படத்துக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கறுப்பு-வெள்ளைப் படங்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைச் சேனல் என்பார்கள். நம் கட்டத்தில் சிவப்புச் சேனலை மட்டும் பார்த்தால் மஞ்சள் சட்டை ஏறத்தாழ வெள்ளையாகிவிடும், பழுப்புச் சுவரும் வெளுக்கும், சிவப்பு எழுத்தின் உள்நிறமும் காணாமல் போகும். மிஞ்சுவது கறுப்புக் கோடும் எழுத்தின் கறுப்பு விளிம்பும்தான். இலவச மென்பொருளான ஜிம்பில் `Colors > Threshold` கொடுத்தால் அது சுத்தமான கோட்டோவியமாகிவிடும். அடர்நீலக் கால்சட்டை இருந்தால் இந்தச் சேனல் ஏமாற்றும், நீலமும் கறுப்பாக விழும். அந்தப் பகுதிக்கு மட்டும் நீலச் சேனலைப் பார்க்க வேண்டும்.

இனி எழுத்தின் விளிம்பை அழிக்க வேண்டும். இங்கேதான் பலர் அவசரப்பட்டு, எழுத்தைச் சுற்றி ஒரு பெட்டி போட்டு மொத்தமாகத் துடைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது. B-யின் வயிற்றுக்குள்ளும், A-யின் கூரைக்குக் கீழும், எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையிலும் அசல் ஓவியத்தின் துணுக்குகள் இருக்கின்றன. மறைந்த கோடு எந்த வழியாகப் போனது என்பதற்கு அவைதான் சாட்சி. எழுத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, `Select > Grow` மூலம் இரண்டு மூன்று பிக்சல் விரித்து அழித்தால், விளிம்போரக் கசிவும் போய்விடும், துணுக்குகளும் தங்கும்.

அடுத்து பென்சிலைத் தொடாமல் எண்ணுங்கள். வார்த்தைக்கு இடப்பக்கம் எத்தனை பலகைக் கோடுகள் உள்ளே நுழைகின்றன? வலப்பக்கம் எத்தனை வெளியே வருகின்றன? இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஐந்து என்று வைத்துக்கொள்வோம். எண்ணாமல் வரைந்தவர் மேலிருந்து ஒன்றோடு ஒன்றாக இணைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு கோடு அநாதையாக நிற்கும்போதுதான் விழிப்பார். சுவர் முழுக்கக் கோணிப்போயிருக்கும். உண்மையில் ஆறாவது கோடு தோளுக்குப் பின்னால் போய் முடிந்திருக்கலாம். துணுக்குகளைப் பார்த்தால் அது தெரிந்துவிடும். இன்னொன்று, சுவர் சற்றுச் சாய்வாகத் தெரிகிற கட்டத்தில் பலகைக் கோடுகள் இணையாக ஓடாது, தூரத்தில் ஒரு புள்ளியை நோக்கிக் குவியும். தெளிவாகத் தெரிகிற இரண்டு கோடுகளை நீட்டி அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றவற்றுக்கு அதுவே வழிகாட்டி.

வரையும்போது இடைவெளியை மட்டும் அடைக்கப் பார்ப்பதுதான் மிகப் பெரிய தவறு என்று சொல்வேன். துணுக்கிலிருந்து துணுக்குக்குச் சின்னச் சின்னப் பாலம் போட்டால் கோடு நடுங்கும். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு முண்டு தெரியும். புதிய லேயரில், இடைவெளிக்கு வெகு முன்னாலேயே அசல் கோட்டின் மேல் கையை வைத்து, ஒரே இழுப்பில் எல்லாத் துணுக்குகளின் வழியாகவும் போய், மறுபக்கத்து அசல் கோட்டின் மேல் சென்று நிறுத்த வேண்டும். கை வரவில்லையென்றால் பத்து முறை அழித்து இழுங்கள். பிறகு துணுக்குகளை நீக்கிவிடலாம். அவற்றின் சாட்சியம் புதிய கோட்டுக்குள் வந்துவிட்டது.

தோள்கோடு இதைவிடக் கடினம். பலகைக்கோடு ஒரே தடிமனில் ஓடும். தோளோ தூரிகையில் இழுத்தது. கழுத்தருகே ஆறு பிக்சலில் தொடங்கி, வளைவின் உச்சியில் பன்னிரண்டாகப் பருத்து, முழங்கையை நோக்கி மெலிந்திருக்கும். உள்ளே நுழையும் தடிமனையும் வெளியே வரும் தடிமனையும் அளந்துகொண்டு, நடுவில் எங்கே பருக்க வேண்டும் என்பதை அதே புத்தகத்தில் அதே ஆள் அதே மாதிரி நிற்கிற வேறு கட்டத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். சட்டை மடிப்பு எத்தனை, பொத்தான் எங்கே என்பதற்கும் அந்தக் கட்டமே பதில். சொந்தக் கற்பனையில் ஒரு மடிப்பைக்கூடக் கூட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நாம் ஓவியரின் கையாக இருக்கிறோம், அவருக்குத் திருத்தம் சொல்கிறவராக அல்ல.

நிறத்துக்கு வருவோம். அச்சிட்ட பக்கத்தில் மஞ்சள் சட்டை உண்மையில் நுண்ணிய மைப்புள்ளிகளின் கூட்டம். நிறமெடுக்கும் கருவியால் ஒரு பிக்சலைத் தொட்டால் ஒரு புள்ளியின் நிறமோ, இடையிலுள்ள தாளின் நிறமோதான் கிடைக்கும். கருவியின் அமைப்பில் `Sample average` தேர்ந்தெடுத்து, சில புள்ளிகளாவது அடங்கும் பரப்பின் சராசரியை எடுக்க வேண்டும். அப்படிக் கிடைத்த மஞ்சளை எழுத்து இருந்த இடத்தில் மட்டும் பூசினாலும் காட்டிக்கொடுத்துவிடும். சுற்றிலும் புள்ளி, நடுவில் வழுவழுப்பு, வேட்டியில் போட்ட ஒட்டுப்போல. ஒரு கறுப்புக் கோட்டிலிருந்து அடுத்த கறுப்புக் கோடு வரை அந்தப் பகுதியை முழுமையாக மீண்டும் நிரப்புவதுதான் வழி. பழைய நிறமும் புதிய நிறமும் சந்திக்கும் எல்லை எப்போதும் ஒரு கறுப்புக் கோட்டுக்கு அடியில்தான் ஒளிய வேண்டும். பல நேரம் கட்டம் முழுவதற்கும் புதிதாக நிறமிடுவதே எளிது.

நிறத்தை ஊற்றும்போது கோட்டின் ஓரத்தோடு நிறுத்தினால் கோட்டுக்கும் நிறத்துக்கும் நடுவே மயிரிழை வெள்ளை தெரியும். கோட்டு லேயரை மேலே வைத்து அதன் முறையை `Multiply` ஆக்கிவிட்டு, கீழே நிறத்தை இரண்டு மூன்று பிக்சல் கோட்டுக்கடியில் நீட்டிவிட வேண்டும். பெல்ஜியத்து வண்ணக்காரர்கள் நீலக் கோட்டின் மேலேயே தீட்டியதும் இதற்காகத்தான். கறுப்பு மேலே விழுந்து மூடிவிடும். கோட்டில் எங்காவது சின்ன ஓட்டை இருந்தால் நிறம் பக்கத்துப் பகுதிக்குள் பாய்ந்துவிடும். அது நல்லதே, எங்கே கோடு முழுமையாகச் சேரவில்லை என்று அதுவே சொல்லிவிடுகிறது.

வேலை சரியா என்று பார்க்க, படத்துக்கு அடியில் கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு லேயர் ஒன்றை வையுங்கள். நிரப்பாமல் விட்ட ஓட்டைகள் மின்னும். பிறகு கான்ட்ராஸ்டை அளவுக்கு மீறிக் கூட்டுங்கள். துடைத்ததாக நினைத்த BANG பேய்போல் மங்கலாக எழுந்தால் இன்னும் வேலை இருக்கிறது. படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தால் பழகிய கண்ணுக்குத் தப்பிய கோணல் புலப்படும். கடைசியாக, அச்சளவில் ஒரு தாளில் எடுத்துப் பாருங்கள். அச்சகத்துக்குப் போகிற கோப்பில் கோடு கறுப்பு மையில் மட்டும் இருக்க வேண்டும். நான்கு மையும் கலந்த கறுப்பாக அது மாறிவிட்டால், அச்சுத் தகடு ஒரு மயிரிழை விலகினாலும் கோட்டின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப்பார்க்கும்.

இத்தனையும் செய்தபின் அந்த இடத்தில் தமிழில் ‘டுமீல்’ வரப்போகிறது. அது மறைக்கப்போகிற பகுதியை நுணுக்கமாக வரைவது வீண் உழைப்புத்தானே என்று கேட்கலாம். ஓரளவுக்கு ஆம். தமிழ் எழுத்தை முதலில் தோராயமாக வைத்துப் பார்த்து, வெளியே தெரியப்போகிற பகுதிகளுக்கே அதிக நேரம் கொடுப்பது விவேகம். ஆனால் கவனியுங்கள்: ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்பவை. ‘டு’வின் சுழி கீழே இறங்கும், ‘மீ’யின் கொம்பு மேலே ஏறும். பழைய எழுத்தின் தடத்தை நம் எழுத்து ஒருபோதும் சரியாக மூடாது. மூடுவதற்காகத் தமிழ் எழுத்தைக் கண்டபடி ஊதிப் பெருக்கினால் தோளும் சுவரும் சேர்ந்து மறைந்து, ஓவியமே பாழாகும்.

இந்த வேலையில் இறங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தொடங்கும் முன் பதிப்புரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில்லாத கோப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். பலூன் வசனத்துக்குப் பெரும்பாலும் இருக்கும். சத்த எழுத்துகளுக்குத்தான் சிக்கல். நீங்களே வரைந்து முடித்தால், கோடு, நிறம், தமிழ் எழுத்து மூன்றையும் தனித்தனி லேயராக வைத்து, அசல் ஸ்கேனோடு சேர்த்துச் சேமியுங்கள். மறுபதிப்பு வரும்போது அந்தத் தோளை இன்னொருவர் மறுபடி முதலிலிருந்து வரைய வேண்டாம்.