‘விலை ஜாஸ்தியா இருக்கே’ என்பவருக்கு என்ன பதில்?

குரோம்பேட்டைப் பக்கம் ரீசேல் ஃபிளாட்டுகள் முடித்துக்கொடுக்கும் புரோக்கர் நான். வீடு பார்க்க வருகிறவர் ஹாலைப் பார்ப்பார், சமையலறைக் குழாயைத் திறந்து பார்ப்பார், பால்கனியில் நின்று தெருவைப் பார்ப்பார். படியிறங்கும்போது சொல்வார்: “வீடு நல்லாருக்கு. விலைதான் ஜாஸ்தியா இருக்கு.”

தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் உடனே, “நீங்க எவ்வளவுக்குக் கேக்குறீங்க சார்?” என்று கேட்டுவிடுவார்கள். கேட்கக் கூடாத கேள்வி அதுதான். அவர் வாயில் வந்த ஒரு தொகையைச் சொல்வார். பிறகு அதையே பிடித்துக்கொண்டு நிற்பார். எதனால் ஜாஸ்தி என்று நினைத்தார் என்பது கடைசிவரை தெரியாமல் போய்விடும். ‘ஜாஸ்தி’ என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் வேறு வேறு காரணங்கள் இருக்கின்றன. வேறொரு வீட்டின் விலையோடு ஒப்பிட்டுச் சொல்கிறாரா, கையிருப்பை நினைத்துச் சொல்கிறாரா, உண்மையிலேயே விலை கூடுதலா என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு நான் கேட்பது இதுதான்: “எதோட ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்றீங்க சார்? வேற வீடு ஏதாவது பார்த்தீங்களா, இல்ல உங்க பட்ஜெட்டுக்கு மேல போகுதா?”

ஒரு கணக்கை வைத்துச் சொல்கிறேன். பன்னிரண்டு வருடப் பழைய ஃபிளாட், 900 சதுர அடி, ஓனர் கேட்டது 72 லட்சம். பார்க்க வந்த தம்பதி, அடுத்த தெருவில் லிஃப்ட் வைத்த புதிய கட்டடத்தில் அதே 900 சதுர அடி 65 லட்சத்துக்குப் பார்த்திருந்தார்கள். ஏழு லட்சம் வித்தியாசம். அவர்கள் கேட்டதில் தப்பில்லை.

நான் சொன்ன பதில்: “அந்த 900ங்கிறது படிக்கட்டு, லாபி, லிஃப்ட் இடம் எல்லாம் சேர்த்த அளவு சார். உள்ள புழங்குற இடம் எவ்வளவுன்னு பத்திரத்துல பார்த்துட்டு ஒரு தடவை அளந்தும் பார்த்துடலாம், வாங்க.” டேப்பை எடுத்துக்கொண்டு மூன்று பேருமாக இரண்டு வீட்டையும் சுவருக்குச் சுவர் அளந்தோம். எங்கள் ஃபிளாட்டின் கார்ப்பெட் ஏரியா 720 சதுர அடி. புதுக் கட்டடத்தில் 630. அப்படியென்றால் புழங்குகிற ஒரு சதுர அடிக்கு இங்கே 10,000 ரூபாய், அங்கே 10,300க்குக் கொஞ்சம் மேல். மலிவாகத் தெரிந்த வீடுதான் அடிக்கணக்கில் கூடுதல். யூ.டி.எஸ்., அதாவது பத்திரத்தில் எழுதிக்கொடுக்கும் பிரிபடாத மனைப்பாகம், எங்களுடையதில் 450 சதுர அடி, அங்கே 300. நாளைக்குக் கட்டடத்தை இடித்துக் கட்டும் பேச்சு வந்தால் அந்த மண்ணுக்குத்தான் விலை.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொன்னேன்: “ஆனா அது புதுக் கட்டடம் மேடம். லிஃப்ட் இருக்கு. மாமியாருக்கு முட்டிவலின்னீங்க, இங்க மூணாவது மாடி ஏறணும். அதையும் யோசிச்சுக்குங்க.” இதைச் சொல்லாமல் விட்டால் முன்னால் சொன்ன அளவுக்கணக்கையும் அவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். சாதகத்தை மட்டும் அளந்து காட்டுகிற டேப் யாருக்கும் உதவாது.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மா மட்டும் போன் செய்தார். மாமியார் தங்கப்போவது தம்பி வீட்டில்தான், மாடி ஒரு பிரச்சினையில்லை என்றார். ஆனாலும், “இன்னும் பத்து லட்சம் குறைச்சா பார்க்கலாம்” என்றார். இது ஒப்பீட்டுப் பேச்சு இல்லை, கையிருப்புப் பேச்சு. “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. லோன் போக கையில எவ்வளவு வச்சிருக்கீங்க?” என்றேன். 18 லட்சம்.

72 லட்சத்தில் வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், அதாவது 57 லட்சத்து 60 ஆயிரம் தரும். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பு அது. மீதி 14 லட்சத்து 40 ஆயிரம் கையிலிருந்து போட வேண்டும். தமிழ்நாட்டில் ரீசேல் வீட்டுக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். அது ஆறரை லட்சத்துக்குப் பக்கத்தில் வருகிறது. இந்தச் செலவை வங்கி வீட்டின் மதிப்பில் சேர்க்காது. ஆக, கையில் வேண்டியது 20 லட்சத்து 88 ஆயிரம். துண்டு விழுவது மூன்று லட்சத்துக்கும் குறைவு. அதை விலையைக் குறைத்தே சரிக்கட்டப் பார்த்தால் வீடு 62 லட்சத்துக்கு இறங்க வேண்டும். ஏனென்றால் விலையில் ஒரு லட்சம் குறைந்தால் கையிலிருந்து போவது 29,000 மட்டும்தான் குறைகிறது.

“உங்களுக்குத் துண்டு விழுறது மூணு லட்சம் மேடம். அதுக்காகப் பத்து லட்சம் கேட்டா ஓனர் பேச்சையே முறிச்சுடுவார். விலையக் கொஞ்சம் பேசலாம், மீதிக்கு டைம் கேட்கலாம். எங்கயாவது பணம் வர வேண்டியிருக்கா?” நவம்பரில் ஒரு சீட்டு முடிகிறது, இரண்டரை லட்சம் வரும் என்றார். அப்போது ஆகஸ்ட்.

இந்த இடத்தில் சில புரோக்கர்கள், “பத்திரத்துல குறைச்சுக் காட்டிடலாம், மீதியைக் கேஷா குடுத்துடுங்க” என்பார்கள். எந்தப் பதிலைச் சொன்னாலும் இதைச் சொல்லாதீர்கள். நிலம், வீடு கைமாறும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமானவரிச் சட்டம் தடுக்கிறது. பத்திரத் தொகை குறைந்தால் கடனும் குறையும். கையிருப்பு இல்லாதவரை அது இன்னும் ஆழமாகத் தள்ளும். “ஒரு லட்சம்கிறது மாசம் எழுநூறு ரூபாய்தானே” என்பதும் அரைக்கணக்கு. எண்பதாயிரம் கடனுக்கு எட்டரை சதவீத வட்டியில் மாதம் 700 ரூபாய் சரிதான். ஆனால் இருபது வருடத்தில் அது ஒரு லட்சத்து அறுபத்தேழாயிரம் ஆகிறது. சொல்வதானால் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். “வேற பார்ட்டி அட்வான்ஸோட நிக்குறாங்க” என்பதை, அப்படி ஒருவர் நின்றால் மட்டும் சொல்லலாம்.

விலையிலும் கொஞ்சம் கொழுப்பு இருந்தது. பதிவுத்துறை இணையதளத்தில் அதே சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். அதே கட்டடத்து இரண்டாம் மாடி வீடு எட்டு மாதம் முன்பு 67 லட்சத்துக்குப் பதிவாகியிருந்தது. பத்திரத் தொகை எப்போதும் முழு உண்மை சொல்லாது. ஆனால் அந்த வீடும் கடனில் வாங்கியது என்பதால் நம்பலாம் என்று எடுத்துக்கொண்டேன். வாங்குகிறவரிடம் ஒளிக்காமல், “நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு மேடம். ஓனர்கிட்ட நான் பேசிட்டு வர்றேன்” என்றேன்.

ஓனர் ரிட்டையர்டு ஆசிரியர். “சார், கீழ் வீடு 67க்குப் போயிருக்கு. நீங்க கூடுதலா எதை வச்சுக் கேக்குறீங்க?” என்றேன். மர வேலைக்கு நாலு லட்சம் செலவு செய்தேன் என்று அலமாரியைத் திறந்து காட்டினார். அடிப்பலகை ஈரம் ஏறி உப்பியிருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “69னா சரியா இருக்குமா?” என்று அவரே கேட்டார்.

69க்குக் கையில் வேண்டியது 20 லட்சத்துச் சொச்சம். துண்டு இரண்டு லட்சம். மூன்று மாதத்துக்குப் பதிலாக நாலு மாத அக்ரிமென்ட் போட்டோம். சீட்டுப் பணம் வந்த மறுவாரம் பல்லாவரம் பதிவு அலுவலகத்தில் பத்திரம் முடிந்தது.