களப்பணியாளரின் விபத்துக் காப்பீடு: எது கிடைக்கும், எது கிடைக்காது?

அவிநாசிபாளையம் சாலைகள் கூடும் ஊர். திருப்பூரிலிருந்து தாராபுரம் செல்லும் பாதையும், கோயமுத்தூரிலிருந்து பல்லடம், காங்கேயம் வழியாகத் திருச்சிராப்பள்ளி செல்லும் பாதையும் இங்கே ஒன்றையொன்று கடக்கின்றன. பனியன் துணிக் கட்டுகளும், நூல் மூட்டைகளும், தேங்காய்ப் பாரமும் ஏற்றிய லாரிகள் இரவு பகலாக ஓடும் இச்சாலைகளில்தான் சங்கங்களின் களப்பணியாளர்களும் இருசக்கர வண்டிகளில் சென்று வருகின்றனர். அங்கத்தினர் வீட்டுத் தறிகளைப் பார்வையிடுவதும், தோட்டங்களில் விளைச்சலைக் கணக்கெடுப்பதும், சங்கத்தின் பணத்தை வங்கியில் செலுத்துவதும் இவர்கள் வேலை.

இத்தகைய ஊழியர்களுக்காக நிர்வாகங்கள் எடுத்து வைக்கும் பாலிசிக்குக் குழு தனிநபர் விபத்துக் காப்பீடு என்று பெயர். ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பாலிசி எடுக்காமல், பெயர்ப் பட்டியல் ஒன்றை இணைத்து எல்லோருக்குமாக ஒரே பாலிசி எடுக்கப்படுகிறது. பிரீமியத்தைச் சங்கம் செலுத்துகிறது. ஆகவே இதனால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை ஊழியர்கள் மட்டுமின்றி, பணத்துக்கு உரியவர்களான அங்கத்தினர்களும் அறிந்திருப்பது நலம்.

பாலிசி கொடுப்பது என்ன?

முதலில் ஒன்றைத் தெளிவாக மனத்தில் கொள்ள வேண்டும். இது வைத்தியச் செலவைத் திருப்பித் தரும் பாலிசியன்று. விபத்தினால் உடலுக்கு நேர்ந்த இழப்பு எவ்வளவோ அவ்வளவுக்கு, முன்னரே முடிவு செய்த விகிதப்படி ஒரு தொகையைத் தருவதே இதன் இயல்பு.

ஓர் ஊழியருக்குக் காப்புத் தொகை 10 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விபத்தினால் அவர் இறந்தால் முழுத் தொகையும் அவர் நியமித்த வாரிசுக்குச் சேரும். இரு கண்களையோ, இரு கைகால்களையோ இழந்தாலும் முழுத் தொகை உண்டு. ஒரு கையோ ஒரு காலோ ஒரு கண்ணோ போனால் பாதி, அதாவது 5 லட்சம். விரல்களுக்கும் அட்டவணை உண்டு. நம் நாட்டுப் பாலிசிகளில் வழக்கமாகக் காணும் அட்டவணைப்படி, கட்டைவிரல் முழுவதும் போனால் 25 சதவிகிதம். சுட்டுவிரலுக்கு 10 சதவிகிதம். தறியோடு பழகியவர்களுக்கு இந்த வேற்றுமையின் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

உயிருக்கோ உறுப்புக்கோ நிரந்தர இழப்பில்லாமல், சில வாரங்கள் வேலைக்கு வர முடியாமற் போவதே விபத்துகளில் மிகுதி. அதற்கு வாரந்தோறும் காப்புத் தொகையில் 1 சதவிகிதம் கொடுப்பது வழக்கம். ஆனால் இத்தனை ரூபாய்க்கு மேற்படாது என்று பாலிசியில் ஒரு வரம்பு எழுதப்பட்டிருக்கும். பலர் 1 சதவிகிதத்தைப் படித்துவிட்டு வரம்பைப் படிக்காமல் விட்டுவிடுகின்றனர்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மேற்சொன்ன ஊழியர் காங்கேயம் பக்கத்தில் தறிகளைப் பார்வையிடச் செல்லும்போது லாரி மோதிக் கால் எலும்பு முறிகிறது. பன்னிரண்டு வாரங்கள் படுக்கை. ஆஸ்பத்திரிச் செலவு 90,000 ரூபாய். வாரத்துக்கு 1 சதவிகிதம் என்றால் 10,000 ரூபாய். ஆனால் பாலிசியில் வார வரம்பு 5,000 என்றிருந்தால் அதுவே கிடைக்கும். பன்னிரண்டு வாரங்களுக்கு 60,000 ரூபாய். வைத்தியச் செலவுக்கென்று தனிப் பிரிவு சேர்த்திருந்தாலன்றி ஆஸ்பத்திரிப் பில்லுக்காக ஒரு காசும் வராது. அப்பிரிவு சேர்த்திருந்தாலும், அனுமதிக்கப்பட்ட தொகையில் 40 சதவிகிதம் வரை என்பதுபோன்ற ஒரு வரம்பு அதற்கும் உண்டு. அவ்வாறாயின் கிடைப்பது 24,000 ரூபாய். பில்லில் மீதி 66,000 ரூபாய் நிற்கும். இந்த மீதிக்கு வைத்தியக் காப்பீடோ, சட்டப்படி தொழிலாளிக்கு உரிய நஷ்டஈடோதான் வழி. விபத்துப் பாலிசி அவற்றுக்கு மாற்றாகாது.

இதற்கு மறுபுறமும் உண்டு. இழப்புக்கு நிர்ணயித்த தொகை என்பதால், ஒருவர் இரண்டு விபத்துப் பாலிசிகளில் இருந்தால் மரணத்துக்கும் உறுப்பிழப்புக்கும் இரண்டிலும் பெறலாம். 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் வங்கிக் கணக்கு வழியாகச் சேர்ந்துள்ள ஊழியரின் குடும்பம், சங்கத்தின் பாலிசித் தொகையோடு அத்திட்டத்தின் 2 லட்சம் ரூபாயையும் கோரலாம்.

விபத்து என்பது எது?

பாலிசிகளில் ஒரு வாக்கியம் மாறாமல் காணப்படும்: புறத்தேயிருந்து, வன்மையாக, கண்ணுக்குத் தெரியும்படி நேர்ந்த விபத்தொன்றே காயத்துக்கு நேரான, தனியான காரணமாக இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. வழக்குகளில் பெரும்பாலானவை இவ்வாக்கியத்தைச் சுற்றியே எழுகின்றன.

மோட்டார் சைக்கிளில் சென்ற ஒருவருக்கு 2012இல் மார்பில் வலி கண்டது, வண்டியிலிருந்து விழுந்தார், மாரடைப்பினால் இறந்தார். ஆயுள் காப்பீட்டுத் தொகை கிடைத்தது. விபத்துக்குரிய கூடுதல் தொகை மறுக்கப்பட்டது. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அம்மறுப்பைச் சரியென்றது. கீழே விழுந்ததனால் மரணம் நேர்ந்தது என்று நிறுவப்படவில்லை என்பதே காரணம். அதே ஆண்டு மார்ச்சில், மொசாம்பிக் நாட்டில் தேயிலைத் தொழிற்சாலை மானேஜராக இருந்து மலேரியாவால் இறந்த ஒருவரின் வழக்கில், மலேரியா மிகுந்த நாட்டில் கொசுக்கடியால் நோய் காண்பது இயல்பான நிகழ்ச்சியே, விபத்தன்று என்று அதே நீதிமன்றம் கூறிற்று.

ஆகவே உத்தியோகப் பயணத்தில் நேர்ந்தது என்பது மட்டும் போதாது. வெயிலில் அலைந்து மயங்கி மாரடைப்பால் இறந்தவருடைய குடும்பத்துக்கு இப்பாலிசி கைகொடுக்காமற் போகலாம். வண்டி சறுக்கித் தலையில் அடிபட்டு இறந்தவர் குடும்பத்துக்குக் கொடுக்கும். தோட்டத்தில் பாம்பு கடித்தால் அதை விபத்தாகவே ஏற்பது பொது வழக்கம். ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குச் சென்று, பாம்புக்கடி என்று பதிவாகியிருக்க வேண்டும். வைத்தியர் வீட்டில் மருந்து கட்டிக்கொண்டு வந்தால் அத்தாட்சி இல்லாமற் போகிறது.

உத்தியோகப் பயணம் எங்கே தொடங்குகிறது?

பாலிசிகள் இருவகை. ஒன்று இருபத்துநான்கு மணி நேரமும் காப்பது. மற்றொன்று வேலை நேரத்துக்கு மட்டும் உரியது. இரண்டாவதற்குப் பிரீமியம் குறைவாதலால் பல நிர்வாகங்கள் அதை நாடுகின்றன. சிக்கலும் அங்கேதான் பிறக்கிறது.

வீட்டிலிருந்து அலுவலகத்துக்குச் செல்லும் வழி வேலையில் சேர்ந்ததா என்ற கேள்வி நம் நாட்டில் வெகுகாலம் நின்றது. தொழிற்சாலைக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்தில் லாரி மோதிய ஒரு தொழிலாளியின் வழக்கில், அது வேலையின்போது நேர்ந்ததன்று என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. பின்னர் 2010இல் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் திருத்தப்பட்டு, வேலைக்கு வரும் வழியும் போகும் வழியும் சேர்க்கப்பட்டன. ஆனால் அது சட்டம் தரும் உரிமை. தனியார் ஒப்பந்தமாகிய பாலிசி தன் வாசகத்தின்படியே நடக்கும். வீட்டு வழி அடங்குமா என்பதைப் பாலிசியிலேயே எழுதி வாங்கிக்கொள்வதுதான் முறை.

வழி மாறுதலும் இத்தகையதே. காங்கேயம் செல்வதாகப் பதிவேட்டில் எழுதிவிட்டுச் சென்றவர், வேலை முடிந்ததும் தாராபுரத்தில் உறவினர் கல்யாணத்துக்குத் திரும்பி, அவ்வழியில் விபத்துக்குள்ளானால், வேலை நேரப் பாலிசியில் பணம் பெறுவது அரிது. மாறாக, காரியதரிசி தொலைபேசியில் சொன்னபடி தாராபுரத்துக்குச் சங்க வேலையாகச் சென்றிருந்தும், அதை எவரும் எழுதி வைக்காவிட்டால் நியாயமான கோரிக்கையும் சந்தேகத்துக்குள்ளாகும். புறப்பட்ட நேரம், போகும் ஊர், வேலை, அனுமதித்தவர் கையெழுத்து ஆகிய நான்கையும் அன்றன்றே பயணப் பதிவேட்டில் எழுத வேண்டும். விபத்து நடந்த பிறகு எழுதிய வரிக்கு மதிப்பில்லை.

விலக்கப்பட்டவை

தற்கொலை, தானே செய்துகொண்ட காயம், போர், குற்ற நோக்கத்தோடு சட்டத்தை மீறுகையில் நேரும் காயம், கட்டணப் பிரயாணியாக அன்றி விமானத்தில் செல்லுதல் முதலியவை பொதுவான விலக்குகள். களப்பணியாளர் வாழ்வில் அடிக்கடி குறுக்கிடுவது மதுபான விலக்கு. இமாசலப் பிரதேச மாநில வனக் கழகத்தின் காவற்காரர் ஒருவர் 1997 அக்டோபரில், மழையும் பனியும் கடுமையாக இருந்த ஓரிரவில் இறந்துபோனார். மது அருந்தியதன் விளைவாக மூச்சடைத்து இறந்திருக்கலாம் என்று பிரேத பரிசோதனை கூறியது. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், இது புறத்தேயிருந்து நேர்ந்த விபத்தன்று, காப்பீட்டுக் கம்பெனி பொறுப்பன்று என்று முடித்தது. ஊழியர் என்பதும் பாலிசி இருந்ததும் உண்மையே. குடும்பத்துக்குக் காப்பீட்டுத் தொகை கிட்டவில்லை.

விலக்கில் சேராத ஒரு குறையும் உண்டு. பாலிசி பட்டியலில் உள்ளவர்களுக்கே உரியது. வருஷ நடுவில் சேர்ந்த தற்காலிக ஊழியரின் பெயரைச் சேர்க்கக் கடிதம் எழுதாவிட்டால், அவருக்கு எந்த விலக்கும் தேவையில்லை. அவர் பாலிசிக்கு வெளியிலேயே நிற்கிறார்.

விபத்து நேர்ந்தால்

சாலை விபத்தாயின் போலீஸில் முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். மரணமாயின் பிரேத பரிசோதனையின்றித் தகனம் செய்யலாகாது. துக்கத்தில் உறவினர் அதை விலக்க நினைப்பது இயல்பே, ஆயினும் பின்னர் அதற்கு ஈடான அத்தாட்சி கிடைக்காது. கம்பெனிக்கு உடனே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பல பாலிசிகளில் ஒரு மாதமே கெடு. தவிர்க்க முடியாத தாமதத்தை மட்டும் காட்டி உண்மையான கோரிக்கையை மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆகவே கெடு தவறியவர்களும் காரணத்தை எழுதிக் கோரலாம்.

கம்பெனி மறுத்தால், முதலில் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி, அதிலும் தீராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். அங்கே கட்டணமில்லை, வக்கீலும் வேண்டியதில்லை.

பாலிசியைப் புதுப்பிக்கும் கூட்டத்தில் அங்கத்தினர்கள் ஐந்து கேள்விகள் கேட்கலாம். வேலை நேரம் மட்டுமா, முழு நாளுமா? வீட்டு வழி அடங்குமா? வார வரம்பு எவ்வளவு? வைத்தியப் பிரிவு சேர்ந்ததா? ஊழியர் எல்லோர் பெயரும் பட்டியலில் உண்டா? இவற்றுக்கு விடை பாலிசியின் வாசகத்திலேயே இருக்கும். அதன் பிரதியொன்றைச் சங்க அலுவலகத்தில், களப்பணியாளர்கள் எடுத்துப் படிக்கும் இடத்தில், பயணப் பதிவேட்டோடு சேர்த்து வைத்திருப்பது நல்லது.