கார்டு தேய்த்தால் இரண்டு சதவீதம் கூடுதலா?

சென்ற இதழில் பில் கேட்டு வாங்குவதைப் பற்றிப் பார்த்தோம். இந்த வாரம் பேசப்போகும் விஷயத்துக்கும் அந்த பில்தான் ஆதாரம்.

லேப்டாப் கடையிலும் நகைக்கடையிலும் அடிக்கடி நடப்பது இது. விலை பேசி முடித்து கார்டை நீட்டியதும், "கேஷ்னா இதே ரேட்டு சார், கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் சேரும். அது பேங்க் எடுத்துக்கிறது" என்பார் கடைக்காரர். 40,000 ரூபாய் லேப்டாப்புக்கு 40,800 என்று மெஷினில் தட்டுவார். பில்லில் மட்டும் 40,000 என்றே இருக்கும்.

வங்கி எடுத்துக்கொள்கிறது என்பது பாதி உண்மை. ஸ்வைப் மெஷின் தந்த வங்கி, ஒவ்வொரு கார்டு விற்பனைக்கும் கடைக்காரரிடம் ஒரு கட்டணம் பிடிக்கிறது. எம்.டி.ஆர். என்பார்கள். எவ்வளவு பிடிக்கிறது என்று பார்த்தால்தான் மீதிப் பாதி தெரியும்.

டெபிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய்க்கு மேல் உள்ள கடைக்கு, மெஷினில் தேய்க்கும்போது அதிகபட்சம் 0.90 சதவீதம், ஒரு விற்பனைக்கு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதற்குக் கீழே உள்ள சிறு கடைக்கு 0.40 சதவீதம், 200 ரூபாய்தான் உச்சம். நம் லேப்டாப் கணக்கில், பெரிய கடையிடம் வங்கி பிடிக்கக்கூடியது 360 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 424 ரூபாய் 80 காசு. நம்மிடம் வாங்கியதோ 800. ரூபே டெபிட் கார்டாக இருந்தால் 2020 ஜனவரி முதல் அந்தக் கட்டணமே கிடையாது. 800 ரூபாயும் கடைக்காரருக்கே. யு.பி.ஐ. மூலம் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகச் செலுத்தினாலும் அப்படித்தான்.

கட்டணம் 360 ஆனாலும் அதை வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது என்பதுதான் விதி. டெபிட் கார்டுக்குக் கூடுதல் பணம் வாங்குவது ஒப்பந்தத்துக்கு விரோதம், அப்படிச் செய்யும் கடையுடன் வங்கி உறவை முறித்துக்கொள்ள வேண்டும் என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பியது. 2017 டிசம்பரில், மேலே சொன்ன உச்சவரம்பை அறிவித்தபோதும் அதையே வலியுறுத்தியது.

கிரெடிட் கார்டு கதை வேறு. அதற்கு ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு இல்லை. இரண்டு சதவீதமும் அதற்கு மேலும்கூட கடைக்காரர் கட்ட நேரிடும். லாபம் குறைவான எலெக்ட்ரானிக்ஸ் வியாபாரத்தில் அது நிஜமான வலி. அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் மெஷின் வாங்கும்போது வங்கியுடன் போடும் ஒப்பந்தத்தில், இந்தச் செலவை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது என்ற நிபந்தனை பொதுவாக இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டு நம்மிடம் கேட்பது முறையல்ல. பெட்டி மேல் அச்சிட்ட எம்.ஆர்.பி. விலையிலேயே விற்று, அதற்கு மேலும் இரண்டு சதவீதம் வாங்கினால் அது எம்.ஆர்.பி. மீறல் என்ற தனிக் குற்றமாகவும் ஆகிவிடும்.

ரொக்கத்துக்குத் தள்ளுபடி தருவது இதிலிருந்து வேறுபட்டது. எழுதி ஒட்டிய விலை எல்லோருக்கும் ஒன்றாக இருந்து, ரொக்கம் தருபவருக்கு அதில் குறைத்தால் அதை இந்தச் சுற்றறிக்கைகள் தடுக்கவில்லை. பேசி முடித்த விலைக்கு மேல் ஏற்றுவதுதான் தவறு.

கவனியுங்கள்: ரிசர்வ் வங்கியின் இந்த உத்தரவு வங்கிகளுக்குத்தான், கடைக்காரருக்கு நேரடியாக அல்ல. ஆகவே கவுன்டரில் சண்டை போடுவதைவிட, மெஷின் தந்த வங்கியைப் பிடிப்பதே பலன் தரும். மெஷின் துப்பும் சின்னத் தாளைப் பாருங்கள். தலைப்பில் வங்கியின் பெயர், அதன் கீழே கடையின் பெயர், MID, TID என்று இரண்டு எண்கள் இருக்கும். உங்கள் கார்டு எந்த வங்கியுடையது என்பது இங்கே முக்கியமில்லை. தாளில் இருக்கும் வங்கிக்குத்தான் எழுத வேண்டும். பில்லில் 40,000, தாளில் 40,800 என்ற முரண்பாடே உங்கள் சாட்சி. கூடுதல் தொகையை ரொக்கமாகக் கேட்டால் அந்தச் சாட்சி போய்விடும். அதனால் அதையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதக் கேட்டதுமே பல கடைகள் இறங்கி வந்துவிடும்.

தாளின் மை சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால் உடனே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். கடை மீதான புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எண்ணூறு ரூபாய்தானே என்று விட்டுவிடாமல் ஒருமுறை எழுதிப் பாருங்கள்.