வலித்தது யாருக்கு?

2005 செப்டம்பரில் ‘இந்தியா டுடே’ இதழ் பெருநகரவாசிகளின் பாலியல் வாழ்க்கை பற்றி ஒரு கருத்துக்கணிப்பு வெளியிட்டது. அதில் நடிகை குஷ்புவிடமும் கருத்துக் கேட்டிருந்தார்கள். திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி அவர் தன் எண்ணத்தைச் சொன்னார். சில நாட்களில் தமிழ்நாடு கொதித்தது. ஊர்வலம், உருவபொம்மை எரிப்பு என்று தெருவில் நடந்தவை ஒருபுறம் இருக்க, வழக்குகளும் வரிசையாக வந்தன. மொத்தம் 23 புகார்கள், பெரும்பாலும் தமிழ்நாட்டின் வெவ்வேறு ஊர் நீதிமன்றங்களில். தமிழ்ப் பெண்களின் மானத்துக்கு இழுக்கு வந்துவிட்டது என்பதே அவற்றின் சாரம்.

வழக்குகளை ரத்து செய்யக் கோரி குஷ்பு சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2008இல் அது மறுத்துவிட்டது. பிறகு டெல்லி. 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் 23 புகார்களையும் ஒரே தீர்ப்பில் ரத்து செய்தது. அவர் சொன்னது சரியா தவறா என்ற விவாதத்தில் நீதிபதிகள் தீர்ப்பு எழுதவில்லை. அவதூறு விஷயத்தில் அவர்கள் கேட்டது எளிய கேள்வி: இதனால் பாதிக்கப்பட்டவர் யார்?

குற்றவியல் அவதூறு வழக்கின் வாசற்படியே இந்தக் கேள்விதான். திருட்டையோ அடிதடியையோ பார்த்தவர் எவரும் போலீசில் சொல்லலாம். அவதூறில் அது முடியாது. பாதிக்கப்பட்டவரே நீதிமன்றம் வர வேண்டும். சிறுவர், நடமாட முடியாத நோயாளி போன்றவர்களுக்காக மட்டும் வேறொருவர் நீதிமன்ற அனுமதியோடு வரலாம். ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசினாலும் அவதூறு ஆகலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தக் கூட்டம் இன்னார் இன்னார் என்று அடையாளம் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். ‘தமிழ்ப் பெண்கள்’ அப்படிப்பட்ட கூட்டம் அல்ல. குஷ்பு யாரையும் குறிவைத்துப் பேசவும் இல்லை. புகார் கொடுத்தவர்களுக்குக் கோபம் வந்திருக்கலாம். கோபம் வந்தவரெல்லாம் சட்டத்தின் கண்ணில் பாதிக்கப்பட்டவர் ஆகிவிட மாட்டார்.

இதே கேள்விதான் ராகுல் காந்தி வழக்கிலும் எழுந்தது. 2019இல் கோலார் பிரசாரக் கூட்டத்தில் ‘மோடி’ என்ற குடும்பப் பெயரைப் பற்றி அவர் பேசிய பேச்சுக்காக, அதே பெயர் கொண்ட குஜராத் எம்.எல்.ஏ. புகார் கொடுத்தார். சூரத் நீதிமன்றம் 2023 மார்ச்சில் இரண்டு ஆண்டு சிறை விதித்தது. மக்களவை உறுப்பினர் பதவி போனது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனைத் தீர்ப்பை நிறுத்திவைத்த பிறகே பதவி திரும்பியது.

சட்டம் இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இருக்கிறது. 2024 ஜூலைக்கு முன்பு இதுவே இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500. அதிகபட்சம் இரண்டு ஆண்டு வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிதாகச் சமூக சேவையும் தண்டனைகளில் சேர்ந்திருக்கிறது. போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது. புகார்தாரர் மாஜிஸ்திரேட் முன் மனு கொடுத்து, சத்தியப் பிரமாணம் செய்து வாக்குமூலம் தர வேண்டும். முகாந்திரம் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட்டுக்குத் தோன்றினால்தான் எதிராளிக்கு சம்மன் போகும்.

நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கின் பாதையே வேறு. அங்கே சிறை கிடையாது, பணம்தான். தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் கட்டணமாகக் கட்ட வேண்டும். 10 லட்சம் கேட்டால் 30 ஆயிரம் ரூபாய். குற்றவியல் புகாருக்கு இப்படித் தொகைக்கேற்ற கட்டணம் இல்லை. பெரும் புள்ளிகள் குற்றவியல் பக்கம் சாய இது ஒரு காரணம். இன்னொரு காரணம், எதிராளியைக் கூண்டில் நிறுத்தலாம்; வாய்தாவுக்கு வாய்தா அலைய வைக்கலாம். பலருக்கு அந்த அலைச்சலே தண்டனை.

உண்மையைச் சொன்னவருக்கு இரண்டு இடத்திலும் ஒரே பாதுகாப்பு கிடைப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. சிவில் வழக்கில் ‘நான் சொன்னது உண்மை’ என்று நிரூபித்தால் வழக்கு முடிந்தது. குற்றவியல் வழக்கில் அது போதாது; அதைச் சொன்னது பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் பழைய குடும்ப ரகசியத்தை ஊருக்குச் சொன்னவர், அது உண்மையே ஆனாலும் இங்கே மாட்டிக்கொள்ளலாம். இறந்தவரைப் பழித்தாலும் குற்றம் ஆகலாம். ஆனால் அவருக்காக நஷ்டஈடு கேட்க முடியாது.

இரண்டு வழக்கையும் ஒரே நேரத்தில் போடலாமா? போடலாம். டெல்லி கிரிக்கெட் சங்க விவகாரத்தில் தன்மீது குற்றம் சாட்டிய அரவிந்த் கெஜ்ரிவால் உள்ளிட்டோர் மீது 2015 டிசம்பரில் அருண் ஜெட்லி, பத்துக் கோடி கேட்டு உயர் நீதிமன்றத்தில் ஒன்று, மாஜிஸ்திரேட் முன் ஒன்று என்று இரண்டும் போட்டார். சிவில் வழக்கு முடியும்வரை மற்றதை நிறுத்திவையுங்கள் என்ற கெஜ்ரிவாலின் கோரிக்கை எடுபடவில்லை. 2018 ஏப்ரலில் அவர் மன்னிப்புக் கடிதம் எழுதியதும் இரண்டும் சமாதானத்தில் முடிந்தன. அவதூறு வழக்குகளில் கணிசமானவை இப்படித்தான் முடிகின்றன.

பேச்சுரிமை இருக்கும் நாட்டில் இதற்குச் சிறை எதற்கு என்ற கேள்வியும் உச்ச நீதிமன்றம் போனது. சுப்பிரமணியன் சுவாமி, ராகுல், கெஜ்ரிவால் என்று எதிரெதிர் முகாம்காரர்கள் ஒரே பக்கம் நின்ற அபூர்வ வழக்கு அது. 2016 மே மாதம் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. நற்பெயரும் வாழும் உரிமையின் பகுதி என்றார்கள் நீதிபதிகள். சம்மன் அனுப்புவதில் மாஜிஸ்திரேட்டுகள் மிகுந்த கவனம் காட்ட வேண்டும் என்றும் சொன்னார்கள். இலங்கை இந்தக் குற்றத்தை 2002லேயே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது.

தமிழ்நாட்டுக்கு இதில் தனி வரலாறு உண்டு. அமைச்சர்கள், அரசு ஊழியர்களின் பணி தொடர்பான அவதூறென்றால், அரசின் அனுமதியோடு அரசு வழக்கறிஞரே செஷன்ஸ் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். அமைச்சர் படியேற வேண்டியதில்லை. செலவு மக்கள் பணத்தில். வேடிக்கை என்னவென்றால், அரசு தனக்கு மானநஷ்டம் என்று சிவில் நீதிமன்றத்தில் பணம் கேட்க முடியாது. ஆட்டோ சங்கர் வாழ்க்கைக் கதையை ‘நக்கீரன்’ வெளியிடுவது தொடர்பான வழக்கில், 1994லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. சிவில் கதவு சாத்தியிருக்க, குற்றவியல் கதவு வழியே ஜெயலலிதா ஆட்சியில் வழக்குகள் குவிந்தன. பத்திரிகைகள் மீதான அப்படிப்பட்ட வழக்குகள் பலவற்றை 2020 மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அப்துல் குத்தூஸ் ரத்து செய்தார். அரசு தனிமனிதரைப் போல ஆத்திரப்படக் கூடாது, அரசு வழக்கறிஞர் தபால்காரராக இல்லாமல் தானே யோசித்து முடிவெடுக்க வேண்டும் என்பது தீர்ப்பின் போக்கு.

இப்போதைய நடைமுறைச் சட்டத்தில் ஒரு மாற்றம் உண்டு. புகாரை மாஜிஸ்திரேட் விசாரணைக்கு ஏற்கும் முன்பே எதிராளியின் பக்கத்தையும் கேட்க வேண்டும். எனவே நீதிமன்ற நோட்டீஸ் வந்தால் அலட்சியம் வேண்டாம். ‘புகார்தாரர் பாதிக்கப்பட்டவரே அல்ல’ என்ற வாதத்தை அங்கேயே எழுப்பிவிடுங்கள். வழக்குப் போடுகிறவர் நீங்களென்றால் நாள்காட்டியைப் பாருங்கள்: நஷ்டஈடு கேட்க ஒரே ஆண்டுதான், குற்றவியல் புகாருக்கு மூன்று ஆண்டு.