“பார்க்கவே இல்லை சார்!”

பருவத் தேர்வில் பிட்டுடன் பிடிபடும் மாணவர் வழக்கமாகச் சொல்வது: “வெச்சிருந்தேன், ஆனா பார்க்கவே இல்லை சார்.” அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பலன் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் முறைகேட்டுப் பட்டியலில், பாடம் தொடர்பான எழுத்து எதையும் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் வைத்திருப்பதே குற்றம். துண்டுச்சீட்டு மட்டுமல்ல, ஸ்கேல், கால்குலேட்டர், கைக்குட்டை, சட்டை, உடம்பு, ஹால் டிக்கெட் என எதில் எழுதியிருந்தாலும் சேர்த்திதான்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு வரும் மாணவருக்கு இந்த விதி ஆங்கிலத்தில் ஒரு நீண்ட வாக்கியமாகக் கிடைக்கிறது. தமிழாக்கம் என்று சில கல்லூரிகள் ஒட்டும் தாளோ இப்படி இருக்கும்: “தேர்வர் தம்வசம் குற்றஞ்சார்ந்த பொருட்களை, பயன்படுத்தப்பட்டதாயினும் அன்றாயினும், கொண்டிருத்தல் ஒழுங்கீனமாகக் கருதப்படும்.” பிழையில்லாத தமிழ்தான். பயந்துபோயிருக்கும் பிள்ளைக்கு இதிலிருந்து என்ன தெரியும்? ஹால் டிக்கெட்டின் பின்பக்கம் நேற்று பென்சிலால் குறித்த சூத்திரத்தை அழிக்க வேண்டும் என்று தெரியுமா?

அதே விதியை இப்படி எழுதலாம்: “பாடம் தொடர்பாக எழுதிய எதுவும் உங்களிடம் இருக்கக் கூடாது. அதைப் பார்த்து எழுதாவிட்டாலும் குற்றம்தான். ஸ்கேல், கால்குலேட்டர் மூடி, உள்ளங்கை, ஹால் டிக்கெட்டின் இரு பக்கங்கள் ஆகியவற்றை அறைக்குள் நுழையும் முன் பாருங்கள்.” முதல் இரண்டு வரிகள் விதி. மூன்றாவது, யோசனை. இவை இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழைத்துவிடக் கூடாது. விதிக்குப் புதிதாக ஒன்றைச் சேர்க்கும் உரிமை மொழிபெயர்ப்பவருக்கு இல்லை. தண்டனைப் பகுதியில் இன்னும் கவனம் வேண்டும். “ரத்து செய்யப்படலாம்” என்பது வேறு, “ரத்து செய்யப்படும்” என்பது வேறு. மாணவர் பயப்படுவாரே என்று “படும்” என்பதைப் “படலாம்” ஆக்கினால், அது கருணை அல்ல, ஏமாற்று.

வினாத்தாளிலேயே ஒரு குழி இருக்கிறது. பொறியியல் தேர்வில் பகுதி ஆ-வுக்கு மேல் “அனைத்து வினாக்களுக்கும் விடையளி” என்றிருக்கும். 5 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 13 மதிப்பெண். ஆனால் 11-ஆம் எண்ணுக்குக் கீழே (a), (b) என இரண்டு இருக்கும். நடுவில் சின்னதாக ‘அல்லது’. பதற்றத்தில் மேலே உள்ள ‘அனைத்து’தான் கண்ணில் படும். இரண்டையும் எழுதத் தொடங்கினால் மூன்று மணி நேரம் எந்த மூலைக்குப் போதும்? “11 முதல் 15 வரை ஐந்துக்கும் எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணிலும் (a) அல்லது (b), ஏதாவது ஒன்று போதும்” என்று சொன்னால் தீர்ந்தது.

பள்ளிப் பழக்கமே குற்றமாகும் இடங்களும் உண்டு. விடைத்தாளில் பெயர் எழுதுவது, பதிவெண்ணை உரிய கட்டத்துக்கு வெளியே எழுதுவது, தனிக்குறி இடுவது, “ஐயா, குடும்பக் கஷ்டம், பாஸ் போடுங்கள்” என்று கெஞ்சுவது எல்லாமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. திருத்துபவருக்கு எழுதியவர் யாரென்று தெரியக் கூடாது என்பதே காரணம். காரணத்தையும் ஒரு வரியில் சேர்த்துவிட்டால், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியோ 786-ஓ போடலாமா என்று மாணவரே யோசித்துக்கொள்வார்.

அசைன்மென்ட் விஷயத்தில் குழப்பம் வேறு மாதிரி. புத்தகத்தில் உள்ளதை வரி மாறாமல் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினால் பள்ளியில் முழு மதிப்பெண். அதே வரிகளை, எங்கிருந்து எடுத்தது என்று சொல்லாமல் அசைன்மென்டில் எழுதினால் கல்லூரியில் திருட்டு. இந்த மாற்றத்தை யாரும் விளக்குவதில்லை. போதாக்குறைக்கு, “10 சதவீதம் வரை காப்பி அடிக்கலாம்” என்று சீனியர்கள் சொல்லிவைப்பார்கள். அந்த எண் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையில் உள்ளது. ஆய்வேடு, ஆய்வுக் கட்டுரை போன்றவற்றுக்கானது. மாணவர் அசைன்மென்டும் விடைத்தாளும் அதன் வரம்பிலேயே வராது. இதையும் தமிழ்த் தாளில் ஒரு வரி எழுதிவிட வேண்டும்.

எழுதிய தாள் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, “புரிந்ததா?” என்று கேட்டுப் பயனில்லை, எல்லோரும் தலையாட்டுவார்கள். “ஃபோனை ஸ்விட்ச் ஆஃப் செய்து பாக்கெட்டில் வைத்தபடி தேர்வு எழுதலாமா?” என்று கேளுங்கள். ஒருவர் “ஆஃப்தானே, பரவாயில்லை” என்றாலும் அந்த வரியைத் திருத்தி எழுத வேண்டும்.

சிக்கல் வந்தால் பல்கலைக்கழகம் பார்ப்பது ஆங்கில மூலத்தைத்தான். ஆகவே இரண்டையும் அருகருகே அச்சிட்டு, அதையும் தாளிலேயே சொல்லிவிடுங்கள். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தத் தாளைத் தேர்வு நாளன்று அறை வாசலில் ஒட்டாதீர்கள். ஹால் டிக்கெட் கொடுக்கும்போதே கையில் கொடுங்கள்.