சிக்னல் ஃபுல்... நெட் மட்டும் இல்லை!

சென்னை ஓ.எம்.ஆர். பக்கத்தில் இருக்கும் அந்தப் பெண்கள் விடுதியில் 64 படுக்கைகள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு வைஃபை கிடைக்காது. பாஸ்வேர்டு சரி, சிக்னல் கோடு நிறைய இருக்கும், ஆனால் போன் "Obtaining IP address" என்ற வரியிலேயே நின்றுவிடும். அதே அறையில் சாயங்காலமே வந்து படுத்துவிட்ட தோழி சீரியல் பார்த்துக்கொண்டிருப்பாள். விடுதி நிர்வாகம் இரண்டு முறை பிளானை உயர்த்தி, வேகத்தை இரட்டிப்பாக்கிப் பார்த்தது. சீரியல் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஒன்பது மணிக்காரர்கள் வெளியிலேயே நின்றார்கள்.

இதில் வேகத்துக்கு வேலையே இல்லை. அந்த ரவுட்டர் 192.168.1.100 முதல் 199 வரை, மொத்தம் நூறு முகவரிகளைத்தான் விநியோகிக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஒரு முகவரியைக் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குக் கொடுக்கும். காலையில் போன் ஆபீசுக்குப் போய்விட்டாலும் முகவரி அதன் பெயரிலேயே இருக்கும். பஸ்ஸில் துண்டைப் போட்டு இடம் பிடித்தவர் டீ குடிக்க இறங்கிய மாதிரிதான். சீட் காலி, ஆனால் யாரும் உட்கார முடியாது. போகிறபோது 'இடத்தை விட்டுவிட்டேன்' என்று சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் போன்களுக்கு அநேகமாகக் கிடையாது.

ரவுட்டரின் பக்கத்தில் இரண்டு பட்டியல்கள் இருக்கும். ஒன்று இப்போது இணைந்திருப்பவை, இன்னொன்று முகவரி வாங்கியவை. ஒன்பதரை மணிக்கு முதல் பட்டியலில் 41 பேர். இரண்டாவதில் நூறு, அதாவது ஃபுல். இந்த இடைவெளிதான் நோயின் அடையாளம். லாக் காட்டுகிற ரவுட்டராக இருந்தால், பலவற்றில் இப்படி ஒரு வரி திரும்பத் திரும்ப வரும்:

```
DHCPDISCOVER(br-lan) 9a:4e:27:b1:03:5c no address available
```

64 பேர் இருக்கிற இடத்தில் நூறு எப்படித் தீர்ந்தது? அந்த வரியில் உள்ள 9a-வைப் பாருங்கள். மேக் முகவரியில் இரண்டாவது எழுத்து 2, 6, a, e என்று இருந்தால், அது பெரும்பாலும் தொழிற்சாலையில் பதித்த அசல் முகவரி இல்லை. போன் தானே புனைந்துகொண்டது. ஆண்ட்ராய்டில் 2019-லும் ஐபோனில் 2020-லும் இது வழக்கமானது. வைஃபை பெயர் ஒவ்வொன்றுக்கும் போன் வேறு வேறு முகவரியைக் காட்டும். இந்த விடுதியில் மாடிக்கு ஒரு பெயர், மெஸ்ஸுக்குத் தனியாக ஒரு பெயர். பின்னால் இருப்பதோ ஒரே ரவுட்டர், ஒரே பட்டியல். அறையில் ஒருமுறை, சாப்பிடும்போது ஒருமுறை என்று இணைந்தால், ஒரே போன் இரண்டு பேராகப் பதிவாகிறது. 64 போன்களுக்கு 128. லேப்டாப்களை நான் இன்னும் எண்ணவே இல்லை.

ஒன்பது மணிக்குக் கூச்சல் எழுந்ததும் வார்டன் செய்வது ஸ்விட்ச்சை அணைத்துப் போடுவது. உடனே எல்லோருக்கும் நெட் வரும், ஏனென்றால் பல மலிவு ரவுட்டர்கள் அணைந்ததும் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பதை மறந்துவிடும். வைஃபை துண்டான போன்கள் திரும்ப வந்து கேட்டு வாங்கிக்கொள்ளும். கேபிளில், ஒரு ஸ்விட்ச் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் கேமரா ரெக்கார்டருக்கு ரவுட்டர் அணைந்ததே தெரியாது. கெடுவில் பாதி, அதாவது 12 மணி நேரம் ஆகும் வரை அது புதுப்பிக்கக் கேட்காது. அதற்குள் சில ரவுட்டர்கள் அதே முகவரியை வேறொரு போனுக்குக் கொடுத்துவிடலாம். நிறைந்து போவதற்குச் செய்யும் வைத்தியம் மோதலைக் கொண்டுவருவது இப்படித்தான்.

மோதலில் மோசமாக அடிபட்டது வாசலில் இருக்கும் விரல் ரேகை மெஷின். பொருத்தியவர் அதற்கு 192.168.1.150 என்று கையால் எழுதிவிட்டுப் போயிருந்தார். விநியோகப் பகுதிக்கு நட்டநடுவில். மெஷின் ஓடும்போது அவ்வளவாகத் தொல்லை இல்லை. புதிதாக ஒரு முகவரியைக் கொடுக்குமுன் அதில் யாராவது இருக்கிறார்களா என்று பல ரவுட்டர்கள் கூப்பிட்டுப் பார்க்கும். கரன்ட் போனால்தான் சிக்கல். ரவுட்டர் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது, மெஷின் இல்லை. கூப்பிட்டால் பதில் வராது. 150 ஒரு போனுக்குப் போய்விடும். கரன்ட் வந்ததும் மெஷின் தன் பழைய எண்ணோடு எழுந்து நிற்கும். அப்புறம் இரண்டுமே அரைகுறைதான். ஒரு நிமிடம் ஓடும், ஒரு நிமிடம் நிற்கும். கடைசியாகக் குரல் கொடுத்தவருக்கே தரவு போகும்.

கண்டுபிடிக்கச் சுலபமான சோதனை ஒன்று உண்டு. மெஷினின் கேபிளைப் பிடுங்கிவிட்டு, அலுவலகக் கம்ப்யூட்டரில் `ping 192.168.1.150` என்று கொடுக்க வேண்டும். பிடுங்கிய பிறகும் பதில் வந்தால், அந்த எண்ணில் வேறு யாரோ இருக்கிறார்கள்.

சரிசெய்யக் காசு செலவில்லை. எல்லா மாடிக்கும் மெஸ்ஸுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு. அதோடு ஒரு போன் ஒரே ஆளாகிவிடும். விநியோகத்தை 20 முதல் 249 வரை விரித்தால் 230 முகவரிகள். 2 முதல் 19 வரை கையால் எழுதும் கருவிகளுக்கு ஒதுக்கிவிட்டு, விரல் ரேகை மெஷினை அங்கே மாற்ற வேண்டும். கெடுவை 24 மணியிலிருந்து 2 மணியாக்கினால், வெளியே போன போனின் இடம் மத்தியானத்துக்குள் காலியாகிவிடும். ஒரே நேரத்தில் நாற்பது, ஐம்பது போன்களைத் தாங்கும் வலு அந்த மலிவு ரவுட்டருக்கு இல்லை என்று வாதிடுகிறவர்களும் உண்டு. பெரிய விடுதிகளில் அது நியாயம்தான்.

என் கவலை வேறு. இதற்கெல்லாம் முன்னால், பார்க்க வந்த டெக்னீஷியன் சொன்ன வைத்தியம் இது: "மேடம், ஒவ்வொரு போனும் ரெண்டு மூணு அட்ரஸ் எடுக்குது. அந்தப் பிரைவேட் அட்ரஸை ஆஃப் பண்ணச் சொல்லுங்க, சரியாயிடும்." மறுநாளே நோட்டீஸ் ஒட்டினார்கள். அதோடு நிற்காமல், ஒவ்வொரு பெண்ணின் அறை எண், பெயர், போனின் அசல் மேக் முகவரி என்று ஒரு பதிவேடும் போட்டுவிட்டார்கள். பதிவில் இல்லாத போனுக்கு நெட் கிடையாதாம்.

அவர் சொன்னது கணக்குப்படி தவறில்லை. பட்டியல் கொஞ்சம் இளைக்கும். ஆனால் போன் கம்பெனிகள் முகமூடி போட்டது விளையாட்டுக்கு இல்லை. அசல் முகவரி போனின் ஆயுள் முழுக்க மாறாது. அதன் முதல் பாதி, தயாரித்தது யார் என்பதையே சொல்லிவிடும். விடுதி, ஆபீஸ், மால் என்று எங்கே இணைந்தாலும் ஒரே எண்ணைக் காட்டினால், மூன்று இடத்துப் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறவருக்கு அந்தப் பெண்ணின் நாள் முழுவதும் தெரிந்துவிடும். முகமூடி இருந்தால் விடுதிக்குள் ஓர் எண், மாலில் வேறோர் எண். இரண்டையும் கோக்க முடியாது. விடுதி ரவுட்டருக்கு மட்டும் எப்படியும் அவள் வரவு தெரியும் என்பது உண்மைதான். அந்த எண்ணைப் பெயரோடு சேர்த்து நோட்டில் எழுதி வைப்பது எதற்கு? ரவுட்டரின் பதிவுக்குப் பக்கத்தில் வைத்தால், யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தாள், எந்த ராத்திரி வரவே இல்லை என்று படிக்கத் தயாராக ஒரு நோட்டு. கிளார்க் முதல் ரவுட்டரைத் திறக்கத் தெரிந்த எவரும் புரட்டலாம். ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு, பெட்டியின் அடியில் அச்சிட்டிருந்ததே இன்னமும் இருந்தது.

பெயர்களை ஒன்றாக்கி, எல்லையை விரித்து, கெடுவைக் குறைத்த பிறகு ஒன்பது மணிக் கூச்சல் நின்றுவிட்டது. ஒரு போனிலும் எதையும் அணைக்கத் தேவை இருக்கவில்லை. நோட்டீஸையும் கிழித்துவிட்டார்கள். பதிவேட்டை என்ன செய்தீர்கள் என்று வார்டனிடம் கேட்டேன்.

"அது இருந்துட்டுப் போகட்டுமே சார், எதுக்காவது உதவும்" என்றார்.