அம்மா சொன்னது 3, டீச்சர் சொன்னது 7

ஒன்பது வயதுப் பையன், நான்காம் வகுப்பு. வகுப்பில் கவனமே இல்லை என்று பள்ளியில் சொல்லியனுப்ப, பெற்றோர் அவனைக் குழந்தை உளவியலாளரிடம் அழைத்து வருகிறார்கள். அம்மாவிடம் ஒரு கேள்விப்படிவம், வகுப்பாசிரியையிடம் ஒன்று. இரண்டும் திரும்பி வந்தபோது, கவனக்குறைவுக்கான 9 அறிகுறிகளில் ஆசிரியை 7-ஐக் குறித்திருந்தார். அம்மா குறித்தவை 3 மட்டுமே.

இவன் உதாரணத்துக்காகச் சொல்லப்படும் பையன்தான். ஆனால் இந்த முரண்பாடு உளவியலாளர்களுக்கு அன்றாடம். அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஆகன்பாக்கும் அவருடைய சகாக்களும் 1987-இல் 119 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முழுக்க ஒத்துப்போனால் 1 என்று வைத்துக்கொண்டால், அம்மா - அப்பா போல ஒரே இடத்தில் குழந்தையைப் பார்ப்பவர்களின் கருத்து 0.60 அளவுக்கு ஒத்துப்போனது. பெற்றோர் - ஆசிரியர் போல வெவ்வேறு இடங்களில் பார்ப்பவர்களிடையே அது 0.28தான். யாரோ ஒருவர் தவறாகச் சொல்கிறார் என்று இதற்குப் பொருளில்லை. குழந்தை இடத்துக்கு இடம் வேறு மாதிரி நடந்துகொள்கிறது.

ஆகவே அறிக்கை எழுதுபவர் 7-ஐயும் 3-ஐயும் கூட்டி இரண்டால் வகுக்க முடியாது. டீச்சர் சொன்னதே சரி என்று அம்மாவின் படிவத்தை ஒதுக்கவும் கூடாது. இந்த வித்தியாசம் ஏன் வந்தது என்று கண்டுபிடித்து எழுதுவதுதான் அறிக்கையின் மையமான வேலை.

இங்கே பயன்பட்டது வாண்டர்பில்ட் படிவம். ஒவ்வொரு கேள்விக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்பதற்கு 0, ‘எப்போதாவது’ என்பதற்கு 1, ‘அடிக்கடி’ என்பதற்கு 2, ‘மிக அடிக்கடி’ என்பதற்கு 3. இதில் 2 அல்லது 3 வாங்கியதுதான் அறிகுறியாக எண்ணப்படும். ‘பொருட்களைத் தொலைக்கிறான்’, ‘அன்றாட வேலைகளை மறக்கிறான்’ ஆகிய இரண்டுக்கும் அம்மா 1 போட்டிருந்தார். உளவியலாளர் கேட்டார்: “காலையில பையை யாரும்மா எடுத்து வைக்கிறது?” “நான்தாங்க. டைரியைப் பார்த்து ராத்திரியே எடுத்து வெச்சுடுவேன்.” வீட்டுப்பாடம்? “பக்கத்துலயே உட்கார்ந்துக்குவேன். எழுந்தா நின்னுடும்.” பையன் மறக்காமல் இருந்ததற்குக் காரணம், மறக்கும் வாய்ப்பே அவனுக்குக் கிடைக்காததுதான்.

இதைக் கேட்ட பிறகு அம்மா போட்ட 1-ஐ அழித்து 2 ஆக்கக் கூடாது. படிவத்தின் எண்ணிக்கை அறிக்கையில் அப்படியே நிற்கும். நேர்காணலில் தெரியவந்தது தனியாக, அம்மாவின் சொற்களிலேயே எழுதப்படும்.

அடுத்தது, வேறு காரணம் உண்டா என்ற கேள்வி. எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் குழந்தையும் வகுப்பில் ஜன்னலைத்தான் பார்க்கும். கண், காது, தூக்கம் பற்றி விசாரித்து, வாசிப்பையும் கணக்கையும் சோதித்தார்கள். பையன் வகுப்புக்கு ஏற்றபடி வாசித்தான். கணக்குத் தாளில் முதல் ஐந்தும் சரி. அதற்குப் பிறகு கழித்தல் குறி இருந்த இடங்களிலும் கூட்டியே வைத்திருந்தான். ஒவ்வொரு குறியையும் விரலால் தொட்டுக் காட்டியதும் அதே கணக்குகளைச் சரியாகப் போட்டான். கழித்தல் தெரியாதவன் இல்லை.

அறையில் அவன் அடக்கமாக உட்கார்ந்திருந்ததையும் அறிக்கை சொல்ல வேண்டும். ஆனால் அது கவனக்குறைபாடு இல்லை என்பதற்குச் சான்றாகாது. புதிய இடத்திலும், தனியாக ஒருவர் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும்போதும் அறிகுறிகள் மங்கிவிடக்கூடும் என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேடே எச்சரிக்கிறது.

அந்தக் கையேட்டின்படி 6 அறிகுறிகளாவது 6 மாதங்களுக்குக் குறையாமல் நீடிக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே சில தெரிந்திருக்க வேண்டும். இரண்டு இடங்களிலாவது தென்பட்டு, படிப்பையோ பழக்கத்தையோ பாதிக்க வேண்டும். வீட்டில் 3 மட்டும் என்றால் இரண்டாவது இடம் எது? டியூஷன் ஆசிரியையிடம் பேசியபோது, பாட்டிலையும் ஸ்கேலையும் தினமும் விட்டுப்போவதாகவும், பாதிக் கணக்கில் எழுந்துவிடுவதாகவும் சொன்னார். இரண்டாம் வகுப்பு ரேங்க் கார்டிலேயே ‘வேலையை முடிப்பதில்லை’ என்ற குறிப்பு இருந்தது.

இத்தனையும் சேர்ந்த பிறகுதான் முடிவுப் பத்தி. அது இப்படி அமையலாம்: “பள்ளியிலும் டியூஷனிலும் கவனக்குறைவு தெளிவாகத் தெரிகிறது. வீட்டில் தாய் ஒவ்வொரு படியிலும் துணை நிற்பதால் குறைவாகத் தெரிகிறது. அத்துணை விலகும்போது அங்கும் வெளிப்படுகிறது. வாசிப்புக் குறைபாட்டால் இதை விளக்க முடியவில்லை. கவனக்குறைவு மேலோங்கிய ஏ.டி.ஹெச்.டி.யுடன் இது பொருந்துகிறது.”

பரிந்துரைகளும் கண்டறிந்தவற்றிலிருந்தே வர வேண்டும். கணக்குத் தாளை ஐந்து ஐந்தாகப் பிரித்துக் கொடுப்பது, போடுவதற்கு முன் குறிகளை வட்டமிடச் சொல்வது, பை எடுத்து வைக்கும் வேலையை ஒரு பட்டியலோடு மெல்ல மெல்லப் பையனிடமே விடுவது. மருந்து வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். பள்ளிக்குப் பெற்றோரின் சம்மதத்தோடு சுருக்கமான பிரதி மட்டும் போகும். குடும்ப விவரங்கள் அதில் இருக்காது. சில மாதங்கள் கழித்து அதே ஆசிரியையும் அம்மாவும் மீண்டும் படிவம் நிரப்புவார்கள். பையைப் பையனே எடுத்து வைக்கத் தொடங்கிய பிறகு அம்மாவின் எண்ணிக்கை கூடினால், நிலைமை மோசமானதாக உடனே முடிவுகட்டிவிடக் கூடாது என்பதையும் அறிக்கையிலேயே முன்கூட்டி எழுதிவைப்பது நல்லது.